ஒரே சூளை, ஒரே நெருப்பு இல்லை
செங்கல்லின் நிறமும் வடிவமும் சொல்லும் சேதி



லயன் காம்பராவை விட்டுத் தனி வீடு கட்டுகிற குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "லொறியிலே வந்து இறங்குற கல்லு நல்லதா, கெட்டதா? நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்பதுதான் அது. சீமெந்துப் பையிலே பேரும் திகதியும் அச்சடித்திருக்கும். கம்பியிலே முத்திரை இருக்கும். செங்கல்லில் எழுதியிருப்பது ஒன்றுமில்லை. ஆனாலும் அது நெருப்பிலே எப்படி வெந்தது என்பதைத் தன் நிறத்திலும் உடம்பிலும் அப்படியே வைத்துக்கொண்டுதான் வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்பதே இந்தப் பாடம்.

பச்சைக் கல் சூளைக்குப் போகும் முன்

களிமண்ணைக் குழைத்து அச்சிலே போட்டு எடுத்த கல்லைப் பச்சைக் கல் என்பார்கள். அதை உடனே நெருப்பிலே வைக்க முடியாது. நிழலில் ஒன்று, இரண்டு வாரம் காய வேண்டும். மழைக் காலம் என்றால் இன்னும் கூட எடுக்கும். ஸ்டோரிலே கொழுந்தை வாட்டாமல் அரைக்கிறோமா? இல்லையே. அதுபோலத்தான் இதுவும். ஈரத்தோடு சூளைக்குப் போன கல்லுக்குள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழி தேடிக் கல்லைப் பிளந்துவிடும்.

காய்ந்த கல்லை அடுக்கித்தான் சூளை கட்டுகிறார்கள். அடியிலே சுரங்கம் மாதிரி சில வாய்களை விட்டு, அதன்மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு ஆளுயரத்துக்கும் மேலே அடுக்குவார்கள். வெளிப்பக்கத்தை மண்ணால் பூசுவார்கள். பிறகு அடி வாய்களிலே விறகைத் தள்ளி எரிப்பார்கள். மா ஓயாக் கரையிலே வைக்கால், தங்கொட்டுவை பக்கம் செங்கல்லும் ஓடும் செய்வது பெரிய தொழில். மற்ற மாவட்டங்களிலும் களிமண் கிடைக்கும் ஆற்றோரங்களில் சிறு சூளைகளைக் காணலாம்.

நெருப்புக்குள்ளே என்ன நடக்கிறது?

முதல் நாள் மெல்லிய நெருப்புத்தான் வைப்பார்கள். மேலே வெள்ளைப் புகை போகும். அது பாதிக்கு மேலே புகை அல்ல, கல்லிலே மிச்சம் இருந்த ஈரம். அந்த வெள்ளை நின்ற பிறகுதான் நெருப்பைக் கூட்டுவார்கள்.

சூடு 500, 600 பாகை செல்சியஸுக்கு ஏறும்போது முக்கியமான மாற்றம் ஒன்று நடக்கிறது. களிமண்ணின் துகளோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் தண்ணீர், அதாவது வெயிலிலே காய்ந்தாலும் போகாத தண்ணீர், அப்போதுதான் வெளியேறும். அது போன பிறகு அந்த மண்ணை மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்க முடியாது. அந்தச் சூட்டுக்கு வராத கல், எத்தனை வெயில் கண்டிருந்தாலும் மண்தான். மழை பட்டால் கரையும்.

ஆனால் 600 பாகை போதாது. கரையாது, அவ்வளவுதான். பலம் வராது. 900 முதல் 1,000 பாகைக்கு வரும்போது மண்ணிலே இருக்கும் சில பொருட்கள் இலேசாக இளகி, பாகு மாதிரி மற்றத் துகள்களை ஒட்டிப் பிடிக்கும். துகள்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் சுருங்கும். கல்லும் அதோடு சேர்ந்து கொஞ்சம் சிறுக்கும். அதுதான் வெந்த கல். அப்போது வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கல் செம்மஞ்சள் நிறத்திலே தகதகவென்று இருக்கும். வெறும் மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

நன்றாக வெந்த சூளையின் தலை சில அங்குலம் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் சுருங்கியதால் மொத்தச் சூளையும் குனிகிறது. அனுபவம் உள்ள சூளைக்காரர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நெருப்பை நிறுத்துவார்.

அதற்கு மேலும் சூடு ஏறி 1,100 பாகையைத் தாண்டினால், பல களிமண் கல் அளவுக்கு மேலே இளகிவிடும். மேலே இருக்கிற கல்லின் பாரம் தாங்காமல் வளையும், நெளியும், பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். மேலே கண்ணாடி மாதிரி மினுக்கம் வரும்.

நெருப்பு நின்ற பிறகும் அவசரப்படக் கூடாது. சூளையை மூடியபடி நாட்கணக்கில் ஆற விடவேண்டும். மண்ணிலே மணல் இருக்கிறது. அந்த மணல் 570 பாகையை ஒட்டிச் சட்டென்று சுருங்கும். காற்று பட்டு வேகமாக ஆறிய கல்லிலே மயிர் மாதிரி வெடிப்பு ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரே சூளையில் மூன்று கல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த மாதிரிச் சூளையில் நெருப்பு எல்லாக் கல்லுக்கும் சமமாகப் போகாது. அடி வாய்க்குப் பக்கத்தில் உள்ள கல் நெருப்பை நேராக வாங்கும். நடுவில் உள்ளது அளவாக வாங்கும். வெளிச்சுவரோரமும் உச்சியிலும் இருக்கிற கல்லுக்குக் காற்றும் பனியும் படுவதால் சூடு போதாது. ஒரே மண், ஒரே அச்சு, ஒரே விறகு. ஆனாலும் சூளையைப் பிரிக்கும்போது மூன்று விதமான கல் வெளியே வரும்.

அரைவேக்காட்டுக் கல்: நிறம் வெளிறியிருக்கும். இளம் செம்மஞ்சள், அல்லது காய்ந்த மண்ணின் நிறம். சுருங்காததால் மற்றக் கல்லைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மூலைகள் விரலால் அழுத்தினாலே உதிரும். ஆணியால் கீறினால் ஆழமாகக் கோடு விழும். இரண்டைத் தட்டினால் "டொக்" என்று ஊமைச் சத்தம் கேட்கும்.

நன்றாக வெந்த கல்: எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆழ்ந்த சிவப்பு. விளிம்பு நேராக, மூலை கூராக இருக்கும். ஆணி இலேசாகத்தான் கீறும். தட்டினால் "டங்" என்று மணி மாதிரி ஒலிக்கும். இடுப்பு உயரத்தில் இருந்து கெட்டியான மண் தரையிலே விட்டால் உடையாது.

கருகிய கல்: கத்தரிப்பூ நிறம் கலந்த கருப்பு, அல்லது இரும்புக் கிட்டம் போலக் கருப்பு. சுருங்கிச் சிறுத்திருக்கும். முதுகு வளைந்திருக்கும், மேலே மினுக்கம் இருக்கும். தட்டினால் நன்றாகவே ஒலிக்கும், சில சமயம் சிவப்புக் கல்லைவிட அதிகமாகவும் ஒலிக்கும். ஆகவே சத்தத்தை மட்டும் நம்பி இதை நல்ல கல் என்று எடுத்துவிடக் கூடாது.

நிறம் ஏன் மாறுகிறது?

களிமண்ணுக்குள்ளே கொஞ்சம் இரும்பு கலந்திருக்கிறது. நல்ல காற்றோட்டத்தோடு வேகும்போது அந்த இரும்பு துருப்பிடித்த மாதிரிச் சிவக்கும். சூடு ஏற ஏற அந்தச் சிவப்பு ஆழமாகும். சூடு மிஞ்சினால் கருக்கும். இதனால்தான் நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்ல முடிகிறது.

ஆனால் நிறம் எப்போதும் உண்மை சொல்லாது. இரும்பு குறைந்த மண், சுண்ணாம்பு கூடிய மண் இவற்றிலே செய்த கல் நன்றாக வெந்தாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஈரமான கல் காய்ந்த கல்லைவிடக் கருப்பாகத் தெரியும். மழை பெய்த அன்றைக்கு அரைவேக்காட்டுக் கல்லும் நல்ல கல் மாதிரிக் கண்ணை ஏமாற்றும். ஆகவே ஒரு சூளைக் கல்லை இன்னொரு சூளைக் கல்லோடு ஒப்பிடாமல், ஒரே லொறியிலே வந்த கல்லைக் காய்ந்த நிலையில் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். நிறத்துக்குச் சாட்சியாக அளவையும் பார்க்க வேண்டும். வெளிறிய கல் பெரிதாகவும், சிவந்தது நடுத்தரமாகவும், கருத்தது சிறிதாகவும் இருந்தால் நிறம் சொல்வது சரிதான். எல்லாம் ஒரே அளவாக இருந்து நிறம் மட்டும் மாறினால், அது சாம்பலோ புகையோ பட்ட மேல்நிறமாகவும் இருக்கலாம்.

ஒரு கல்லை உடைத்து உள்ளேயும் பாருங்கள். அடுப்பிலே நெருப்பைக் கூட்டி அவசரமாகச் சுட்ட ரொட்டி வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும் அல்லவா? செங்கல்லிலும் அப்படி உண்டு. வெளியே சிவப்பு, நடுவிலே கருப்பு. மண்ணில் கலந்திருந்த வேர், இலை, உமி எல்லாம் எரிந்து வெளியேற நேரம் கொடுக்காமல் சூட்டை ஏற்றிவிட்டார்கள் என்பதன் அடையாளம் அது. நடுவிலே மெல்லிய கருப்பு இருந்து கல் கெட்டியாக ஒலித்தால் பெரிய குற்றமில்லை. கருப்பு பாதிக்கு மேலே இருந்து, விரலால் சுரண்டினால் மாவாக வந்தால் அந்தக் கல் வேண்டாம்.

ஒரு லொறிக் கல்லின் கதை

எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றிலே ஒரு குடும்பத்துக்கு 3,000 கல் வந்து இறங்கியது. கடன் எடுத்துக் கட்டுகிற வீடு. மீதிப் பணம் கொடுக்க வேண்டிய நேரம். நிறம் மூன்று விதமாக இருப்பதைக் கண்டு அந்த வீட்டு அக்கா தயங்கினார். கல் கொண்டு வந்தவர், "எல்லாம் ஒரே சூளைக் கல்லுதான் அக்கா, பயப்படாதீங்க" என்றார். பக்கத்தில் நின்ற வயதான மேசன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரே சூளைதான் தம்பி. ஒரே நெருப்பு இல்லையே."

அவர் சொன்னபடி குவியலின் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்திலும் பத்துப் பத்தாக, பார்க்காமல் 30 கல் எடுத்தோம். பிரித்து வைத்தபோது சிவப்பு 15, வெளிறியது 9, கருத்தது 6.

பிறகு ஒவ்வொரு வகையிலும் 6 கல்லை நீட்டுவாக்கில் ஒன்றோடொன்று முட்ட வைத்து அளந்தோம். சிவப்பு வரிசை 48 அங்குலம் வந்தது. வெளிறிய வரிசை 50 அங்குலம். கருத்த வரிசை 46 அங்குலம். ஒரே அச்சிலே வந்த கல் இப்படி மூன்று நீளமாக நின்றதால், நிறம் சொன்னது சரி என்று தெரிந்தது.

அடுத்து நிறுவை. ஒவ்வொரு வகையிலும் காய்ந்த கல் 5 எடுத்து, கொழுந்து நிறுக்கிற தராசிலே தொங்கவிட்டோம். மூன்று வகையும் ஏறக்குறைய 10 கிலோதான். ஒரே அளவு மண்ணிலே செய்தது என்பதால் பாரம் அதிகம் மாறவில்லை, உடம்புதான் சிறுத்திருந்தது. பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்தோம். சிவப்பு 11½ கிலோ. அதாவது ஒன்றரைக் கிலோ தண்ணீர் குடித்திருக்கிறது. கருத்தது 10½ கிலோ, அரைக் கிலோதான். வெளிறியது 12½ கிலோ. தன் பாரத்தில் கால் பங்குக்குத் தண்ணீர் குடித்துவிட்டது. அது மட்டுமில்லை, அந்த வாளியின் அடியிலே சேறு படிந்திருந்தது. ஒரு கல்லின் மூலை கரைந்து உருண்டையாகிவிட்டது.

தன் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே தண்ணீர் குடிக்கிற கல்லை மழை படுகிற சுவருக்கு வைக்காமல் இருப்பது நல்லது. வாளியிலே சேறு விட்ட கல்லை எந்தச் சுவருக்கும் வைக்கக் கூடாது.

சேற்றைக் கண்ட பிறகு கல் கொண்டு வந்தவருக்கும் பேச்சில்லை. வீட்டாரும் அயலவரும் சேர்ந்து இரண்டு நாள் இருந்து 3,000 கல்லையும் பிரித்தார்கள். சிவப்பு 1,620 தேறியது. வெளிறியது 850. கருத்தது 530. வெளிறிய 850 கல்லையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஆணியால் கீறிப் பார்த்ததிலே 250 கல் வெறும் மண்ணாகவே இருந்தது. அந்த 250 கல்லையும் அவர் திருப்பி எடுத்து, வேறு கல் கொடுத்தார். மீதிப் பணம் அதன் பிறகுதான் கொடுக்கப்பட்டது. திரும்பிப் போன கல்லும் வீணில்லை. அடுத்த சூளையிலே நடுவில் வைத்து மறுபடி சுட்டால் அது தேறும்.

எந்தக் கல் எங்கே?

மீதிக் கல்லை அந்த மேசன் வைத்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் உதவும்.

சிவப்புக் கல் முழுவதும் வெளிச்சுவருக்கும் கூரை பாரம் தாங்கும் சுவருக்கும் போனது. கட்டும் முன் அவர் அதைத் தண்ணீரில் நனைத்தே எடுத்தார். நனைக்காவிட்டால் கல் சாந்திலே இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும். சீமெந்து இறுகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போன சாந்து காய்ந்து மாவாகி நிற்கும்.

வெளிறியதில் சேறு விடாமல் தேறிய 600 கல், வீட்டுக்குள்ளே இரண்டு அறையைப் பிரிக்கும் சுவருக்குப் போனது. கூரை பாரம் அதன்மேல் இல்லை, மழையும் படாது, இரண்டு பக்கமும் பூச்சு வரும். இதே கல்லை வெளிச்சுவருக்கு வைத்தால் மலைநாட்டு மழைக்கும் பனி மூட்டத்துக்கும் எப்போதும் நனைந்தபடியே இருக்கும். உள்பக்கம் ஈரம் ஊறி, பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். கக்கூஸ் சுவருக்கும், நிலத்தோடு ஒட்டிய முதல் வரிகளுக்கும் இதை வைக்கவே கூடாது.

கருத்த கல்லில் நேராக இருந்தது 330. அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஆகவே வீட்டைச் சுற்றி ஓடும் காணுக்கும் குசினிப் படிக்கும் வைத்தார்கள். அதையே சுவருக்கு ஏன் வைக்கவில்லை என்று நாங்கள் கேட்டோம். "சாந்து கல்லுக்குள்ள கொஞ்சம் இறங்கினாத்தான் பிடிக்கும். இது கண்ணாடி மாதிரி. சாந்து மேலேயே நிக்கும். வளைஞ்ச கல்லுன்னா வரியும் நேரா வராது, சாந்தும் கூடச் செலவாகும்" என்றார். வளைந்தும் ஒட்டியும் இருந்த 200 கல்லைச் சுத்தியலால் உடைத்துத் தரைக் கொங்கிறீட்டுக்கு அடியிலே பரப்பிவிட்டார்கள். ஒரு கல்லும் குப்பைக்குப் போகவில்லை.

கல் இறக்கும் நாளில்

கல்லுக்கு விலை பேசும்போதே, பிரித்துப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்னதாகப் பத்துக் கல்லை வாங்கி வந்து தண்ணீரில் போட்டுப் பாருங்கள். லொறி வந்த அன்றைக்குத் தண்ணீர்ச் சோதனைக்கு நேரம் இருக்காது. அன்றைக்கு நிறத்தால் பிரித்து, ஆறு ஆறு கல்லாக வரிசை வைத்து அளந்து, இரண்டு இரண்டாகத் தட்டிப் பார்த்தால் போதும். இந்த மூன்றுக்கும் ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது.

இறக்கிய கல்லை மண்ணிலே நேராக அடுக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள். மேலே தகரமோ பொலித்தீனோ போட்டு மூடுங்கள். கல் கொண்டு வருகிறவர் "வெளிறின கல்லுன்னாலும் பூசினா ஒண்ணும் தெரியாது" என்று சொன்னால், ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்து அந்தக் கல்லை அவர் கண் முன்னாலேயே அதற்குள் போடுங்கள். மறுநாள் காலையிலே வாளியின் அடியைப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.